கன்னடத்தில் வணக்கம் சொன்னால் ஒருவர் தமிழில் பதில் சொல்கிறார், இன்னொருவர் ஆங்கிலத்தில். இரண்டுக்கும் ஒரே அர்த்தமா?

காவிரிக்கரை

சொந்த ஊர் திருச்சி. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை. கொஞ்ச காலமாகக் கன்னடம் பழகுகிறேன். தப்பும் தவறுமாக இருந்தாலும் பேச வருகிறது.

காலையில் வாசல் செக்யூரிட்டியிடம் "நமஸ்கார, திண்டி ஆய்தா?" என்று கேட்பேன். அவர் மண்டியா பக்கத்துக்காரர். உடனே தமிழில், "ஆச்சு சார், நீங்க சாப்டீங்களா?" என்பார். ஒரு நாள்கூடக் கன்னடத்தில் பதில் வந்ததில்லை.

மேலே போனால் மேலாளர். அவருக்கும் தாய்மொழி கன்னடம். டீமில் இருக்கும் இரண்டு கன்னடக்காரர்களிடம் "ஏன்ரோ சமாச்சார?" என்று தோளில் தட்டிப் பேசுவார். அடுத்த மேஜைக்கு வந்ததும் என்னிடம் "ஹாய், குட் மார்னிங்". நான் "நமஸ்கார சார், ஹேகித்தீரா?" என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். "ஃபைன், ஃபைன். ஹவ் வாஸ் த வீக்கெண்ட்?" என்று ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு பேருமே நான் ஆரம்பித்த மொழியில் பதில் சொல்லவில்லை. ஆனால் செக்யூரிட்டி பேசும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது, மேலாளர் பேசும்போது கதவைச் சாத்தியதுபோல இருக்கிறது. இது என் கற்பனையா, இல்லை உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? இப்படி வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்ப்பேச்சு

இதில் குழப்பமே இல்லை. யார் கையில் அதிகாரமோ அவர்தான் மொழியைத் தீர்மானிப்பார். செக்யூரிட்டி உங்களுக்குக் கீழே, அதனால் உங்கள் மொழிக்கு வருகிறார். மேலாளர் உங்களுக்கு மேலே, அதனால் தனக்கு வசதியான மொழியில் பேசுகிறார். எல்லா ஆபீஸிலும் இதே கதைதான். அதனால்தான் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுவது நல்லது என்கிறேன். அது யாருடைய மொழியும் இல்லை, யாருக்கும் மனக்கசப்பு வராது.

வைகறை67

எதற்கு நமஸ்கார, எதற்கு குட் மார்னிங்? தமிழர் எங்கே போனாலும் வணக்கம் என்றே சொல்ல வேண்டும். நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? நான் ரயில்வேயில் வேலை பார்த்த காலம் முழுக்க, வடக்கே இருந்து வந்த அதிகாரிகளிடமும் வணக்கம் என்றுதான் சொன்னேன். அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

காவிரிக்கரை

ஐயா, உங்கள் பிடிவாதத்தை மதிக்கிறேன். ஆனால் என் கேள்வி நான் எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பது பற்றி இல்லை. நான் ஒரு மொழியில் ஆரம்பிக்க, எதிரில் இருப்பவர் வேறு மொழிக்குப் போனால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான்.

அல்சூர்வாசி

பிறந்து வளர்ந்தது பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கம். கல்லூரியில் படித்ததும் மொழியியல்தான். உங்களுக்குத் தோன்றியது கற்பனை இல்லை. மொழி மாறியது என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பக்கம் மாறியது என்று பாருங்கள். நீங்கள் இருவரிடமும் அவர்கள் மொழியில் ஆரம்பித்தீர்கள். செக்யூரிட்டி உங்கள் மொழிக்கு வந்தார். நீங்கள் அவருக்காக ஓர் அடி வைத்தீர்கள், அவர் உங்களுக்காக ஓர் அடி வைத்தார். மேலாளர் அவருடையதும் இல்லாத, உங்களுடையதும் இல்லாத மூன்றாவது மொழிக்குப் போனார். நீங்கள் வைத்த அடி அப்படியே நின்றுவிட்டது. உறுத்துவது அதுதான்.

அதற்காக மேலாளர் உங்களை ஒதுக்கினார் என்று முடிவு கட்ட வேண்டாம். நார்வேயில் ஹெம்னஸ்பெர்கெட் என்று ஒரு சிற்றூர். பிளோம், கம்பர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே பார்த்ததை 1972இல் எழுதினார்கள். உள்ளூர்க்காரர் அரசு அலுவலக மேஜைக்கு வந்தால், நலம் விசாரிப்பதும் வீட்டுப் பேச்சும் ஊர்ப் பேச்சுவழக்கில் நடக்கும். மனு, படிவம் என்று வேலை விஷயம் வந்ததும் இருவரும் பொது வழக்குக்கு மாறிவிடுவார்கள். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. இதுவரை ஊர்க்காரர்களாகப் பேசினோம், இனி வேலை என்று அந்த மாற்றமே சொல்லிவிடுகிறது. பெங்களூரு ஆபீஸ்களிலும் தினமும் இதுதான் நடக்கிறது. லிஃப்டில் கன்னடம், மீட்டிங் அறைக்குள் ஆங்கிலம்.

அதை வைத்து உங்கள் மேலாளரைப் பாருங்கள். அவர் உங்களிடம் வேலைப் பேச்சை ஆரம்பிக்கவில்லை, சனி ஞாயிறு எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறார். அது நலம் விசாரிப்புதான், ஆங்கிலத்தில். ஆக, பேச்சில் அவர் விலகவில்லை, மொழியில் மட்டும் விலகி நிற்கிறார். அதற்குப் பல காரணம் இருக்கலாம். உங்கள் கன்னடம் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். உங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்று நினைத்திருக்கலாம். உங்களை இன்னும் அந்த வட்டத்தில் சேர்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

எது என்று முதல் வணக்கத்தில் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாக்கியத்தில்தான் தெரியும். அவர் ஆங்கிலத்துக்குப் போன பிறகும் நீங்கள் ஒரு முறை கன்னடத்திலேயே பதில் சொல்லுங்கள். அதுவும் காலையில் மேஜையருகே வேண்டாம், மதியம் கேன்டீனில். "கன்னடதல்லே மாத்தாடி சார், கலீத்தா இத்தீனி" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகும் ஆங்கிலத்திலேயே நின்றால், அவர் ஆங்கிலத்துக்குப் போனது உங்கள் வசதிக்காக இல்லை என்று தெரிந்துவிடும்.

செக்யூரிட்டி விஷயத்திலும் ஒன்று. பெங்களூருவில் வாசலில் நிற்பவர்களில் பலருக்கு நாலு மொழி சரளமாக வரும். தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கு, உங்களிடம் தமிழ் என்றால் அது அவர் தொழில் பழக்கமாகவும் இருக்கலாம். அவருடைய சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது கவனியுங்கள். அப்போது வெறும் "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் நகர்ந்ததும் தமிழுக்கு வந்தால், அந்தத் தமிழ் உங்களுக்கென்று அவர் எடுத்து வைத்தது.

ஓசூர்ப் பையன்

எனக்கு வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். அதனால் அந்தப் பக்கத்து மனசையும் சொல்லலாம்.

எதிரில் இருப்பவர் கன்னடத்தில் தடுமாறினால் எங்களுக்குக் கை தானாக நீளும். அவருக்குத் தெரிந்த மொழிக்கு நாங்கள் போய்விடுவோம். வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசக்கூடாது என்பதுபோல அது ஊறிப்போன பழக்கம். ஆனால் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு அதுவே தடை ஆகிவிடுகிறது. "இங்கே யாரும் கன்னடத்தில் பேசவே விடுவதில்லை, எப்படிக் கற்பது" என்று வெளியூர் நண்பர்கள் பலர் புலம்பிக் கேட்டிருக்கிறேன். அது உண்மைதான். அதே சமயம், பல வருடம் இங்கேயே இருந்தும் ஆட்டோக்காரரிடம் இந்தியிலேயே ஆரம்பிப்பவரைப் பார்த்தால் எங்களுக்கு வலிக்கும். அதுவும் உண்மைதான். வீட்டுக்காரர் மரியாதைக்காக மாறுகிறார், வந்தவர் அதை உரிமையாக எடுத்துக்கொள்கிறார். கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் "நமஸ்கார சார்" என்று ஆரம்பிப்பது சின்ன விஷயம் இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் பஸ்களை எரித்தபோது, என் தமிழ் நண்பர்கள் சிலர் தெருவில் போனில் தமிழ் பேசவே யோசித்தார்கள். அந்த வாரத்தில் ஒருவர் கன்னடத்தில் வணக்கம் சொன்னால் அதில் பயம் கலந்திருக்கும். இன்றைக்கு நீங்கள் சொல்வதில் பயம் இல்லை, விருப்பம் இருக்கிறது. கேட்பவருக்கு அது புரியும். வயதானவர்களிடம் மட்டும் ஒருமையில் "ஹேகித்தீயா" என்று கேட்டுவிடாதீர்கள். "ஹேகித்தீரா" என்று நீங்கள் கேட்டதே சரி.

மொன்றியல் மருந்துக்கடை

நான் யாழ்ப்பாணம். கன காலமாகக் கனடாவில், மொன்றியலில் இருக்கிறேன். மருந்துக்கடை ஒன்றின் முன்மேசையில் வேலை. நீங்கள் சொல்லுற பிரச்சினைதான் எங்களுக்கு நாள் முழுக்க.

இங்கே கடைகளில் "போன்ஜூர்-ஹாய்" என்று சேர்த்துச் சொல்லுற பழக்கம் இருக்கு. பிரெஞ்சு ஒன்று, ஆங்கிலம் ஒன்று. வாறவர் எதில் பதில் சொல்லுறாரோ அதிலேயே மிச்சக் கதை. வாடிக்கையாளருக்கு இது வசதி. ஆனால் எங்கள் மாகாணமான கியூபெக்கின் சட்டமன்றம் 2017 நவம்பர் 30ஆம் தேதி, கடைக்காரர் வெறும் "போன்ஜூர்" என்றே வரவேற்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. சட்டம் இல்லை, வேண்டுகோள்தான். 2019இல் ஒரு அமைச்சர் தடை கொண்டுவரலாம் என்று கதைத்துவிட்டுப் பிறகு பின்வாங்கினார். ஒரு "ஹாய்"க்கு ஏன் இவ்வளவு என்று வெளியில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. தன் ஊரில், தன் மொழியில் வாய் திறக்க முன்னமே அதற்கு மாற்று ஒன்று காத்திருக்கிறது என்று அவருக்குப் படும்.

இனி உங்கள் மேலாளர் கதைக்கு வாறன். பிரெஞ்சு படிக்கிற ஆட்கள் எங்கள் மேசைக்கு வந்து கஷ்டப்பட்டு "போன்ஜூர்" என்று தொடங்குவார்கள். உச்சரிப்பைக் கேட்டவுடன் என் சக ஊழியர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவா. அவவுக்குப் பின்னால் நீண்ட வரிசை, கெதியாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆளின் முகம் விழுந்துபோவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாறினவவுக்கு அவசரம், கேட்டவருக்கு அவமானம். ஒரே வாக்கியம்தான்.

இன்னொன்றும் இருக்கு. தமிழ் ஆட்கள் வந்தால் நான் முதலில் எல்லாருக்கும் போல "போன்ஜூர்" சொல்லுவன். மேலாளர் அருகில் இல்லாட்டில் மெதுவாக "சொல்லுங்கோ அம்மா" என்பன். அநேகமானோர் முகம் மலர்ந்து தமிழுக்கு வந்திடுவினம். ஆனால் சிலபேர் நான் தமிழ் என்று தெரிந்தும், பெயர்ப்பட்டியைப் பார்த்தும், பிரெஞ்சிலேயே நிற்பினம். தொடக்கத்தில் எனக்கு மனம் நொந்தது. பிறகுதான் விளங்கிச்சு. என்ன மருந்து வாங்குகினம் என்று ஊர்ச்சனத்துக்குத் தெரியக்கூடாது என்று அவைக்கு ஒரு தேவை இருக்கு. மனநல மருந்து, கர்ப்பத்தடை மாத்திரை, இப்படி. அவை என்னைத் தள்ளி வைக்கவில்லை. தங்களைக் காப்பாற்றிக்கொள்ளினம். ஒருவர் பொது மொழியிலேயே நின்றால் நான் இப்ப ஒருக்காலும் இழுப்பதில்லை.

நெல்லை அம்மா

இதைப் படித்ததும் எங்கள் வீட்டு விஷயத்தைக் கேட்கத் தோன்றியது. ஹைதராபாத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் தெலுங்குப் பெண். காலையில் எழுந்ததும் "அத்தை, காபி குடிச்சீங்களா?" என்று தமிழில்தான் கேட்பாள். கற்றுக்கொண்டு பேசுகிற தமிழ். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவள் அம்மா வீட்டார் வந்துவிட்டால் அதே பெண் என்னை "ரண்டி அத்தய்யா, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் கூப்பிடுகிறாள். அவர்கள் முன்னால் நான் அந்நியமாகிவிட்டேனோ என்று ஒரு சுருக்கென்ற உணர்வு. அப்புறம் மகன் வேலையிலிருந்து வந்தால் என்னிடம் "என்னம்மா", அவளிடம் தமிழும் தெலுங்கும் கலந்து ஏதோ சொல்வான். சில நாள் அவளிடம் சுத்தமாக ஆங்கிலத்தில் "ஹாய், ஐ ஆம் ஹோம்" என்பான். அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று நான் புரிந்துகொள்கிறேன். இதுவரை தவறியதில்லை. நான் அதிகமாக யோசிக்கிறேனா?

அல்சூர்வாசி

அம்மா, உங்கள் கணிப்பு சரியாகத்தான் இருக்கும். ஒரு ஜோடிக்கு வழக்கமாகக் கலந்து பேசுவதுதான் இயல்பு என்றால், திடீரென்று ஒரே மொழியில், அதுவும் ஆபீஸ் மொழியில் பேசினால் நடுவே ஓர் இடைவெளி வந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் இதே ஆங்கிலம்தான் அன்றாடம் பேசும் மொழி. அங்கே சண்டை வந்தால் தமிழுக்குப் போவார்கள். எந்த மொழி என்பதைவிட, வழக்கத்திலிருந்து விலகியதா என்பதே விஷயம். மேலாளரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவர் எல்லாரிடமும் எப்படிப் பேசுகிறார் என்று தெரியாமல் உங்களிடம் பேசியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மருமகள் விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். தன் வீட்டார் முன்னால் அவள் உங்களைத் தெலுங்கில், அதுவும் மரியாதையான "ரண்டி" போட்டுக் கூப்பிடுவது அவர்கள் காதுக்காக. என் அத்தைக்கு நான் கொடுக்கிற மரியாதை இது என்று அவர்களுக்குப் புரிய வேண்டுமானால் அவர்கள் மொழியில்தான் காட்ட முடியும். தமிழில் பேசியிருந்தால் அவர்கள் பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

நேர்ப்பேச்சு சொன்னதற்கு ஒரு பதில். அதிகாரம் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மட்டும் என்றால் மருந்துக்கடையில் மருந்து வாங்க வந்தவர் பிரெஞ்சிலேயே நிற்பதை எப்படி விளக்குவீர்கள்? ஆங்கிலம் யாருடைய மொழியும் இல்லை என்றீர்கள். தமிழனுக்கும் கன்னடனுக்கும் நடுவே வேண்டுமானால் அப்படி. அதே ஆபீஸில் தரை துடைக்க வரும் அம்மாவுக்கு அது மற்றவர்களுடைய மொழி. எங்கள் வரவேற்பு மேஜையில் தினமும் பார்க்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் "குட் மார்னிங் சார்", கையில் பார்சல் இருந்தால் "ஏனு, யாரிகே?". வாசல் ஒன்றுதான், வணக்கம் மட்டும் இரண்டு.

ஆங்கிலத்துக்கு ஓடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. தமிழில் நலம் விசாரித்தால் நீயா நீங்களா என்று முதல் வாக்கியத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே சங்கடம். உங்களைவிட வயதில் சின்னவர், பதவியில் பெரியவர் என்றால் என்ன சொல்வது? "ஹவ் ஆர் யூ" என்றால் அந்த முடிவைத் தள்ளிப்போடலாம். பழகப் பழக அந்த முடிவு தானாக வந்துவிடும், அதுவரைக்கும் ஆங்கிலம். அப்படித் தள்ளிப்போடுபவரைக் கர்வக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம்.

நேர்ப்பேச்சு

துடைக்க வரும் அம்மா பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் மேலாளர் விஷயத்தில் என் கருத்தை விடமாட்டேன். இரண்டு பேரிடம் தோளில் தட்டிக் கன்னடம், ஒருவரிடம் ஹாய். அப்ரைசல் நேரத்தில் அந்தத் தோள் யாருக்கு ஞாபகம் வரும்? மேலாளராக இருப்பவர் காலை வணக்கத்தையாவது எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும்.

காவிரிக்கரை

முயன்று பார்த்தேன். மதியம் கேன்டீனில் மேலாளர் தனியாக உட்கார்ந்திருந்தார். "ஊட்ட ஆய்தா சார்?" என்று கேட்டேன். "ஈக மாட்தா இத்தீனி, பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்திலேயே வந்தது, இப்பதான் சாப்பிடுறேன், வாங்க, உட்காருங்க என்று. பக்கத்தில் உட்கார்ந்தேன். கற்றுக்கொள்கிறேன், கன்னடத்திலேயே பேசுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். ராகிக் களி உருண்டையான முத்தையை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று கையால் உருட்டிக் காட்டி விளக்கினார். அதற்குள் டெல்லியிலிருந்து வந்த சக ஊழியர் தட்டோடு வந்து அமர்ந்தார். வாக்கியத்தின் பாதியில் மேலாளர் ஆங்கிலத்துக்கு மாறினார். முத்தைக் கதையையே அவருக்காக முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு அது உறுத்தவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த இரண்டு பேரும் முந்தைய கம்பெனியிலிருந்து அவரோடு வந்தவர்கள். "ஏன்ரோ" என்பது பழைய சிநேகிதம். என்னிடம் கன்னடம் பேசும்போது மரியாதையாக "பன்னி" என்றுதான் வருகிறது. ஆனால் மறுநாள் காலை மேஜையருகே மறுபடியும் "ஹாய், குட் மார்னிங்"தான். கேன்டீனில் ஒரு மனிதர், மேஜையருகே வேறு மனிதர்.

நேர்ப்பேச்சு கேட்ட அப்ரைசல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது எனக்கும் இருக்கிற கவலைதான்.

ஓசூர்ப் பையன்

காலையில் சுற்றிலும் டீமே உட்கார்ந்திருக்கும். தெலுங்கு, இந்தி, மலையாளம் எல்லாம் இருக்கும் இடத்தில் உங்களிடம் மட்டும் கன்னடத்துக்கு மாறினால் அடுத்த மேஜைக்காரர் இதே கேள்வியை இன்னொரு இழையில் கேட்பார். மேலாளர் நிலைமையில் நான் இருந்தாலும் மேஜையருகே ஆங்கிலம்தான். ஆனால் அந்த இரண்டு சிநேகிதர்களிடமும் அங்கே ஆங்கிலத்திலேயே சொல்வேன். நேர்ப்பேச்சு சொன்னதில் அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

மொன்றியல் மருந்துக்கடை

டெல்லிக்காரர் வந்ததும் மாறினதைச் சரி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டீர்கள். எங்கள் இடத்தில் அதற்கும் இரண்டு கட்சி இருக்கு. மூன்று பேர் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருக்க, ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்தால் மூன்று பேரும் மாற வேண்டுமா என்று இங்கே சண்டையே நடக்கும். மாறினால் அவருக்கு மரியாதை, ஆனால் அவர் ஒருக்காலும் பிரெஞ்சு படிக்கப் போவதில்லை. நான் செய்யிறது என்னவென்றால், வந்தவருக்கு அவர் மொழியில் ஒரு வணக்கமும், என்ன கதைக்கிறோம் என்று ஒரு வரியும். மிச்சத்தை விட்ட மொழியிலேயே தொடருவன். சிலருக்கு அது பிடிக்கிறது, சிலர் எழும்பிப் போயினம்.

அல்சூர்வாசி

சாப்பாட்டு மேஜையில் அப்படிச் செய்யலாம் என்று எனக்கும் படுகிறது. மீட்டிங்கில் முடியாது, அங்கே ஒரு வரி தவறினாலும் வேலை கெடும். காவிரிக்கரை, அடுத்த தடவை முத்தைக் கதை நடக்கும்போது டெல்லிக்காரருக்கு நீங்களே ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு, மேலாளரிடம் கன்னடத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் எந்த மொழியில் பதில் சொல்கிறார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.